மட்டமளப்புக் கணக்கும் சோலெஸ்கி பிரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் மட்டம் எடுக்கப் போகும்போது கூட வரும் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. மரத்தடியில் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கணக்கு எளிதாக இருக்க அளவுகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். மற்றபடி வேலை இப்படித்தான் நடக்கிறது.

ஐந்து கோடுகளை அளந்தோம், மூன்று புள்ளிகளின் உயரம்தான் வேண்டும். இதற்கு ஏன் அணி?

அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான். சாலையோரக் கல் ஒன்றை ஆதாரமாக எடுத்துக்கொண்டோம், அதன் உயரம் பூஜ்ஜியம். முதல் புள்ளி கடல்நீர் வரும் மதகு. இரண்டாவது, நீர் தேக்கும் பாத்தியின் கரை. மூன்றாவது, உப்பு விளையும் பாத்தியின் வரப்பு. மில்லிமீட்டரில் கிடைத்தவை:

```
கல்    → மதகு     -642   (2 தடவை)
கல்    → கரை      -315   (1 தடவை)
மதகு  → கரை      +335   (2 தடவை)
கரை   → வரப்பு    +139   (2 தடவை)
கல்    → வரப்பு    -188   (3 தடவை)
```

கல்லிலிருந்து மதகு வழியாகக் கரைக்கு வந்தால் -642 + 335 = -307. நேராகப் போனால் -315. எட்டு மில்லிமீட்டர் இடிக்கிறது. கரை வழியாக வரப்புக்குப் போனால் -176, நேராகப் போனால் -188. இங்கே பன்னிரண்டு இடிக்கிறது. பதினொரு மணிக்கு மேல் மணலில் கானல் ஆடும்போது அளவுகோலின் கோடுகள் நடுங்கும். உப்புச் சேற்றில் ஊன்றிய முக்காலி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். எட்டும் பன்னிரண்டும் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த முரண்பாட்டை எந்தக் கோட்டின் தலையில் கட்டுவது? அதிகத் தடவை அளந்த கோட்டைக் குறைவாகவும், ஒரே தடவை அளந்ததை அதிகமாகவும் அசைக்க வேண்டும். கோடுகள் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் அளந்த தடவையையே எடையாக வைத்தோம். எடையிட்ட பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி உயரங்களைத் தேர்ந்தால், மூன்று தெரியாதவற்றுக்கு மூன்று சமன்பாடுகள் வந்து நிற்கும். அவற்றின் கெழுக்களை அடுக்கினால் கிடைப்பதுதான் அணி.

அந்த அணியை எப்படி எழுதுவது?

நேராகப் போய் அளந்த -642, -315, -188 ஆகியவற்றைத் தோராய உயரங்களாக வையுங்கள். தேடுவது ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய சிறு திருத்தம். சின்ன எண்களோடு வேலை செய்தால் கைப்பிழை குறையும்.

மூலைவிட்டத்தில், ஒரு புள்ளியைத் தொடும் எல்லாக் கோடுகளின் எடைக் கூட்டுத்தொகை. மதகுக்கு 2 + 2 = 4. கரைக்கு 1 + 2 + 2 = 5. வரப்புக்கு 2 + 3 = 5. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இருந்தால் அதன் எடை, கழித்தல் குறியோடு. இல்லையென்றால் பூஜ்ஜியம்.

```
A =  4  -2   0        b = -16
    -2   5  -2             -8
     0  -2   5             24
```

வலப்பக்கம் முரண்பாட்டிலிருந்து வருகிறது. மதகு–கரைக் கோட்டின் எட்டை அதன் எடை இரண்டால் பெருக்கினால் 16. அது கரைக்குக் கூட்டலாகவும் மதகுக்குக் கழித்தலாகவும் போகும். கரை–வரப்புக் கோட்டின் பன்னிரண்டு 24 ஆகி, வரப்புக்குக் கூட்டலாகவும் கரைக்குக் கழித்தலாகவும் போகும். கரைக்கு 16 - 24 = -8.

ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் அந்தப் புள்ளி ஆதாரக் கல்லோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும் எடை வர வேண்டும். இங்கே 2, 1, 3. அட்டவணையோடு ஒத்துப்பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன், நான் பட்ட அவமானத்தோடு சேர்த்து.

இதை முக்கோணமாகப் பிரிப்பது என்றால் என்ன?

கீழ் முக்கோண அணி L ஒன்றைக் கண்டுபிடிக்கிறோம். அதையும் அதன் நிரை நிரல் மாற்றான Lᵀ ஐயும் பெருக்கினால் A வர வேண்டும். சோலெஸ்கி பிரிப்பு என்பது இதுதான். எண்ணுக்கு வர்க்கமூலம் எடுப்பது போல, அணிக்கு ஒரு வர்க்கமூலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடமிருந்து வலமாக, ஒரு நிரலை முடித்துவிட்டு அடுத்த நிரல். முதல் மூலைவிட்ட எண் 4, அதன் வர்க்கமூலம் 2. அந்த நிரலில் கீழே இருப்பவற்றை இரண்டால் வகுத்தால் -1, 0. அடுத்த மூலைவிட்ட எண் 5. அதிலிருந்து அதே நிரையில் ஏற்கெனவே கிடைத்த -1 இன் வர்க்கத்தைக் கழித்தால் 4, வர்க்கமூலம் 2. அதன் கீழே இருப்பது -2. அதிலிருந்து கழிக்க வேண்டிய பெருக்கல் 0 × (-1) = 0 என்பதால் அப்படியே இரண்டால் வகுக்கிறோம், -1. கடைசி மூலைவிட்ட எண் 5. அதிலிருந்து 0² + (-1)² கழித்தால் 4, வர்க்கமூலம் 2.

```
L =  2   0   0
    -1   2   0
     0  -1   2
```

நம்பிக்கை இல்லையென்றால் பெருக்கிப் பாருங்கள். ஒருமுறையாவது கையால் செய்து பார்க்காதவர்களை நான் கணினிப் பக்கம் விடுவதில்லை.

பிரித்த பிறகு உயரம் எப்படி வருகிறது?

இரண்டு நடை. முதலில் மேலிருந்து கீழே, Ly = b. முதல் நிரை 2y₁ = -16, எனவே y₁ = -8. இரண்டாவது -y₁ + 2y₂ = -8, எனவே y₂ = -8. மூன்றாவது -y₂ + 2y₃ = 24, எனவே y₃ = 8.

பிறகு கீழிருந்து மேலே, Lᵀx = y. கடைசி நிரை 2x₃ = 8, எனவே x₃ = 4. நடு நிரை 2x₂ - x₃ = -8, எனவே x₂ = -2. முதல் நிரை 2x₁ - x₂ = -8, எனவே x₁ = -5.

மதகை ஐந்து மில்லிமீட்டர் இறக்கி -647, கரையை இரண்டு இறக்கி -317, வரப்பை நான்கு ஏற்றி -184. இப்போது மதகிலிருந்து கரை 330, கரையிலிருந்து வரப்பு 133. எந்த வழியாகப் போனாலும் ஒரே விடை. உப்பளத்துக்காரருக்கு ஐந்து மில்லிமீட்டர் ஒரு பொருட்டல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாற்பது ஐம்பது கோடுகள் சேரும் வலையில் இந்தச் சில்லறை ஒரே பக்கமாக ஒதுங்கினால், வாய்க்காலில் நீர் ஓடும் திசையே சந்தேகமாகிவிடும். அவ்வளவு தட்டையான நிலம் இது.

ஓர் இலவசச் சரக்கும் உண்டு. y களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 64 + 64 + 64 = 192. திருத்துவதற்கு முன் எடையிட்ட பிழை வர்க்கம் 2×64 + 2×144 = 416. திருத்திய பின் மிஞ்சுவது 416 - 192 = 224. ஐந்து கோடுகளிலும் மிஞ்சிய பிழைகளான 5, 2, 5, 6, 4 ஆகியவற்றின் வர்க்கங்களை எடையோடு கூட்டினாலும் 50 + 4 + 50 + 72 + 48 = 224. இரண்டும் ஒத்துவந்தால் கணக்கு சரி.

'நேர்நிச்சய அணி' என்பதை எத்தனை தடவை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை, ஐயா.

பாடப்புத்தக வரையறை இது: பூஜ்ஜியமல்லாத எந்த x எடுத்தாலும் xᵀAx பூஜ்ஜியத்தைவிடப் பெரிது. நமது வலையில் அந்த xᵀAx க்கு ஒரு பொருள் உண்டு. புள்ளிகளை x அளவு நகர்த்தினால் கோடுகள் மொத்தமாக எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதே அது. புள்ளிகளை எப்படி நகர்த்தினாலும் ஏதாவது ஒரு கோடு இழுபட்டால் அணி நேர்நிச்சயம். ஒரு கோடும் இழுபடாமல் நகர்த்த ஒரே ஒரு வழி இருந்தாலும் இல்லை.

கரையில் கட்டிய வத்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வத்தைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிவிட்டு, ஒன்றுக்குக்கூட நங்கூரம் போடவில்லை. வத்தைகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது, கயிறுகள் எதுவும் புகார் சொல்லாது. கூட்டம் மொத்தமும் சோழகக் காற்றில் நகர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஆதாரக் கல் இல்லாத வலை அதுதான்.

அதை எண்களில் பார்க்கலாம். கல்லையும் தெரியாத புள்ளியாக்கி நான்காவதாகச் சேர்த்தால்:

```
 4  -2   0  -2
-2   5  -2  -1
 0  -2   5  -3
-2  -1  -3   6
```

முதல் மூன்று நிரல்கள் முன்பு போலவே நடக்கும். கடைசி நிரையில் -1, -1, -2 வரும். கடைசி மூலைவிட்டத்தில் 6 - 1 - 1 - 4 = 0. பூஜ்ஜியத்துக்கு வர்க்கமூலம் பூஜ்ஜியம், அதால் வகுக்க முடியாது. கணக்கு அங்கேயே நிற்கிறது. நிற்பது குறையல்ல. வலைக்கு நங்கூரம் இல்லை என்று அணி வாய்விட்டுச் சொல்கிறது.

வர்க்கமூலத்துக்குள் வரும் அந்த எண்களுக்கு ஏதாவது பொருள் உண்டா?

எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்த இடம் இது.

ஒரு நிரலை முடிப்பது என்றால் அந்தப் புள்ளியை வலையிலிருந்து பிடுங்கிவிட்டு, அதன் வழியாக ஓடிய பிடிப்பை மற்றப் புள்ளிகளுக்கு நடுவே முடிச்சுப் போடுவது. மதகைப் பிடுங்குகிறோம். அது கல்லோடு எடை இரண்டிலும், கரையோடு எடை இரண்டிலும் கட்டப்பட்டிருந்தது. அவை வரிசையாக இணைந்தால் கல்லுக்கும் கரைக்கும் நடுவே (2 × 2) ÷ (2 + 2) = 1 எடையுள்ள புதுக் கோடு போல ஆகும். கரைக்கு ஏற்கெனவே கல்லோடு 1, இப்போது இன்னொரு 1, வரப்போடு 2. மொத்தம் 4. வர்க்கமூலத்துக்குள் வந்த இரண்டாவது 4 அதுதான்.

அடுத்து கரையையும் பிடுங்குங்கள். கல்லோடு 2, வரப்போடு 2, ஆகவே கல்லுக்கும் வரப்புக்கும் நடுவே புதுக் கோடு (2 × 2) ÷ 4 = 1. வரப்புக்கு நேரடியாக இருந்த மூன்றோடு சேர்த்து 4. வரப்பை நேராக மூன்று தடவை அளந்தோம். சுற்றிவந்த அளவுகள் எல்லாம் சேர்ந்து நான்காவது தடவை அளந்ததற்குச் சமம் என்பது அதன் பொருள். வரப்பின் இறுதி உயரத்தின் மாறுபாடு, ஒரு தடவை அளப்பதன் மாறுபாட்டில் கால் பங்கு.

கடைசிப் புள்ளிக்கு மட்டும்தான் இப்படி நேரடியாகப் படிக்கலாம். நடுவில் வரும் எண்கள் பின்னால் வரும் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன என்ற நினைப்பில் வருபவை. எந்தப் புள்ளியின் உறுதி உங்களுக்கு முக்கியமோ அதைக் கடைசியில் வையுங்கள்.

கணினி "Matrix is not positive definite" என்று சொல்லி நின்றுவிட்டது. எங்கே தேடுவது?

எந்த நிரையில் நின்றது என்று முதலில் பாருங்கள். SciPy அந்த எண்ணைப் பிழைச் செய்தியிலேயே சொல்லும். k ஆவது நிரையில் துல்லியமாகப் பூஜ்ஜியம் வந்தால், முதல் k புள்ளிகளுக்குள் ஏதோ ஒரு கூட்டம் ஆதாரத்தோடும் மற்றவற்றோடும் தொடர்பில்லாமல் தனியே மிதக்கிறது என்று பொருள். அதன் கடைசிப் புள்ளிதான் k.

நமது கரையில் இதற்குச் சரியான உதாரணம் பாம்பன் கால்வாய். மண்டபம் பக்கம் ஒரு வலை, தீவுப் பக்கம் ஒரு வலை. ஆதாரக் கல் மண்டபத்தில். நீருக்குக் குறுக்கே அளந்த ஒரே கோட்டை யாரோ தாளிலிருந்து கணினிக்கு ஏற்ற மறந்துவிட்டால் மண்டபம் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக முடியும். தீவுப் பக்கத்துக் கடைசிப் புள்ளியில் பூஜ்ஜியம் வரும். பிழை அந்தப் புள்ளியில் இல்லை, கால்வாயில் இருக்கிறது.

எடைகள் 0.1, 0.37 போன்ற எண்களாக இருந்தால் துல்லியமான பூஜ்ஜியத்துக்குப் பதிலாக 10⁻¹⁶ அளவில் ஏதோ ஒன்று மிஞ்சும். அது கழித்தல் குறியோடு வந்தால் கணினி நிற்கும். கூட்டல் குறியோடு வந்தால் நிற்காது, பொருளற்ற உயரத்தைக் கக்கும். அது பார்வைக்கு நியாயமாகவும் இருக்கலாம், ஏமாற வேண்டாம்.

பெரிய கழித்தல் எண் வந்தால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் தட்டச்சுப் பிழை, கழித்தல் குறியோடு ஏறிய எடை, அல்லது விட்டுப்போன மூலைவிட்டம்.

மூலைவிட்டத்தில் எல்லா இடத்திலும் 0.001 கூட்டினேன், ஓடிவிட்டது. தவறா?

ஓடியது, ஆனால் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "ஒவ்வொரு புள்ளியையும் 0.001 எடையோடு நேரடியாக அளந்தேன், திருத்தம் பூஜ்ஜியம் என்று வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆதாரமில்லாத வலையில் அதன் விளைவு, திருத்தங்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாகிவிடும். அதாவது நீங்கள் கொடுத்த தோராய உயரங்களின் சராசரியே உங்கள் ஆதாரக் கல். வேண்டுமென்றே அப்படிச் செய்வதில் தவறில்லை. பிழைச் செய்தியின் வாயை அடைக்கச் செய்தால், கால்வாய்க்கு அந்தப் பக்கம் மிதக்கும் தீவு மிதந்துகொண்டேதான் இருக்கும்.

பிழைச் செய்தி வராமல் முடிந்தால் விடை சரிதானே?

இல்லை. என் அவமானக் கதை இங்கே வருகிறது. ஒருமுறை மதகு–கரைக் கோட்டை அணியில் -2 என்று இரண்டு இடத்திலும் எழுதிவிட்டு, கரையின் மூலைவிட்டத்தில் கூட்ட மறந்துவிட்டேன். 5 இருக்க வேண்டிய இடத்தில் 3. பிரிப்பு எந்தச் சத்தமும் இல்லாமல் முடிந்தது, வர்க்கமூலங்களுக்குள் 4, 2, 3 என்று எல்லாம் நல்ல பிள்ளைகள். விடை -6.67, -5.33, 2.67. பார்வைக்கு நியாயமான திருத்தங்கள்தான். வேலை கொடுத்தவரிடம் தாளைக் கொடுத்தும்விட்டேன். மறுநாள் அவருடைய கணக்கப்பிள்ளை மதகு வழியாகவும் நேராகவும் எவ்வளவு திருத்தினீர்கள் என்று கேட்ட பிறகுதான் திரும்பப் பார்த்தேன்.

நிரைக் கூட்டல் சோதனை அதைப் பிடித்திருக்கும். -2 + 3 - 2 = -1. ஆதாரக் கல்லோடு கழித்தல் எடையில் கட்டிய புள்ளி எங்கும் கிடையாது.

இன்னொரு கண்ணி: NumPy இன் `cholesky` சமச்சீரைச் சரிபார்ப்பதில்லை. இயல்பாகக் கீழ்ப் பாதியை மட்டும் படிக்கும். மேல் பாதியில் நீங்கள் திருத்தியது அதற்குத் தெரியவே தெரியாது.

கணினியில் எப்படி எழுதுவது?

```python
import numpy as np
from scipy.linalg import cho_factor, cho_solve

A = np.array([[4,-2,0],[-2,5,-2],[0,-2,5]], float)
b = np.array([-16,-8,24], float)
c = cho_factor(A, lower=True)
print(cho_solve(c, b))      # -5, -2, 4
```

`cho_factor` திருப்பித் தரும் அணியின் மேல் பாதியில் குப்பை இருக்கும், அதை L என்று நினைத்து அச்சிட வேண்டாம். ஒரு கோட்டை அதே எடையில் மறுபடி அளந்து b மட்டும் மாறினால் `cho_factor` ஐத் திரும்ப ஓட்டத் தேவையில்லை, இரண்டு நடை மட்டும் போதும். தலைகீழ் அணியைக் கண்டுபிடித்துப் பெருக்குபவர்கள் வேலையையும் கூட்டி, பிழையையும் கூட்டுகிறார்கள்.

காஸ் நீக்கல் முறை எல்லா அணிக்கும் பொருந்துமே, இது எதற்குத் தனியாக?

n புள்ளிகள் இருந்தால் பொதுவான நீக்கல் ஏறக்குறைய 2n³/3 செயல்களைக் கேட்கும். இது n³/3. அணியில் பாதியை வைத்திருந்தால் போதும் என்பதால் நினைவகமும் பாதி.

ஆனால் நான் மதிப்பது வேறொன்றை. பொதுவான நீக்கலில் சிறிய எண்ணால் வகுத்து எண்கள் ஊதிப்போகாமல் இருக்க நிரைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கும். இங்கே தேவையில்லை. L இன் எந்த நிரையை எடுத்து வர்க்கங்களைக் கூட்டினாலும் A இன் அந்த மூலைவிட்ட எண்தான் வரும். நமது நடு நிரையில் 1 + 4 = 5. ஆகவே L க்குள் எந்த எண்ணின் வர்க்கமும் அதற்குமேல் வளர வழியே இல்லை.

புள்ளிகளை எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதானா?

விடை ஒன்றுதான், உழைப்பு ஒன்றல்ல. பிடுங்கிய புள்ளியின் அண்டைகளுக்கு நடுவே முடிச்சு விழுகிறது என்றேன் அல்லவா? ஐம்பது கோடுகள் வந்து சேரும் ஒரு சந்திப்பை முதலில் பிடுங்கினால், அந்த ஐம்பது புள்ளிகளும் ஒன்றோடொன்று முடிச்சாகிவிடும். பூஜ்ஜியமாக இருந்த இடமெல்லாம் நிரம்பும். அதே சந்திப்பைக் கடைசியில் வைத்தால் ஒன்றும் நிரம்பாது. உச்சிப்புளி, மண்டபம் என்று சாலையோடு நீண்டு போகும் வலைக்குப் போகிற வரிசையிலேயே எண் கொடுப்பது போதும்.

சோலெஸ்கி என்பவர் கணித மேதையா?

பிரெஞ்சு இராணுவத்தின் பீரங்கிப் படை அதிகாரி, நில அளவைக்காரர். அந்த்ரே-லூயி சோலெஸ்கி, 1875 இல் பிறந்தவர். கிரீட் தீவிலும், பிறகு அல்ஜீரியா, துனீசியாவிலும் அளவை வேலை பார்த்தார். நாம் மேலே செய்தது போன்ற சமன்பாடுகளைக் கையால் விரைவாகத் தீர்க்கத்தான் இந்த வழியைக் கண்டார். அவர் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதியில் 1910 டிசம்பர் 2 என்று தேதி இருக்கிறது. 1918 ஆகஸ்ட் 31 அன்று போர்முனையில் இறந்தார். உடன் வேலை பார்த்த அதிகாரி பெனுவா 1924 இல் அதை அச்சில் கொண்டுவந்தார்.

வர்க்கமூலம் எடுக்காமல் செய்ய வழி உண்டா?

உண்டு. A = LDLᵀ என்று எழுதலாம். L இன் மூலைவிட்டத்தில் எல்லாம் 1, நடுவே D இல் மூலைவிட்ட எண்கள் மட்டும். நமது கணக்கில் D இன் எண்கள் 4, 4, 4, அதாவது நாம் வர்க்கமூலம் எடுத்த அதே எண்கள். கையால் போடுபவர்களுக்கு இது வசதி. D இல் பூஜ்ஜியமோ கழித்தல் எண்ணோ வந்தால் மேலே சொன்ன அதே தேடல்தான், கால்வாயிலிருந்து தொடங்குங்கள்.